வெரி கோல்ட் என்பதும் ஃப்ரீசிங் என்பதும் ஒன்றா?

"ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். வெரி என்ற வார்த்தையே பலவீனம், வெரி கோல்ட் என்று எழுதாதே, ஃப்ரீசிங் என்று எழுது என்றார்கள். மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். போன வாரம் மெயிலில் வெரி கோல்ட் என்பதற்குப் பதிலாக 'த ஸ்டாக் இன் ரூம் டூ இஸ் ஃப்ரீசிங்' என்று எழுதினேன். மேலாளர் பதறிப்போய் போன் செய்தார். நான் செய்தது தப்பா? எக்ஸ்ட்ரீம்லி, அட்டர்லி இதையெல்லாம் எங்கே போடுவது?"

உங்கள் மேலாளர் பதறியதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் சொல்ல நினைத்தது 'அறையில் இருக்கும் சரக்கு ரொம்பக் குளிர்ந்து போயிருக்கிறது' என்பது. அவர் படித்தது 'சரக்கு உறைந்துகொண்டிருக்கிறது' என்பது. ஃப்ரீஸ் என்பது முதலில் ஒரு வினைச்சொல். அதற்கு உறைதல் என்று பொருள். 'இட் இஸ் ஃப்ரீசிங்' என்று வானிலையைப் பற்றியோ, 'ஐ ஆம் ஃப்ரீசிங்' என்று தன்னைப் பற்றியோ ஒருவர் சொன்னால், கேட்பவர் அதைக் கடுங்குளிர் என்றே எடுத்துக்கொள்வார். மனிதன் உறைந்து போகமாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எழுவாய் மருந்தாகவோ தண்ணீராகவோ இருந்தால், அதாவது உண்மையிலேயே உறையக்கூடிய ஒன்றாக இருந்தால், அதே சொல் வினையாகத்தான் படிக்கப்படும். மருந்துக் கிடங்கில் அது விபத்துச் செய்தி.

எவ்வளவு பெரிய விபத்து என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. ஒரு முறை உறைந்துவிட்டால் அந்த உப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்கு வராது, மருந்து வீரியம் இழந்துவிடும். சந்தேகப்படும் குப்பியையும், வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய அதே வகைக் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குலுக்கி, எதில் வண்டல் சீக்கிரம் அடியில் படிகிறது என்று பார்ப்பார்கள். ஷேக் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். இன்சுலினும் அப்படித்தான், உறைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். இந்தத் தொழிலில் கோல்ட் என்பது 8 டிகிரியைத் தாண்டாத நிலை, விரும்பத்தக்க நிலை. ஃப்ரீசிங் என்பது சரக்கு போச்சு என்ற நிலை. ஒன்றின் பலமான வடிவம் மற்றொன்று என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. உங்கள் கிடங்கில் அவை இரண்டும் எதிரெதிர்.

நான் கல்லூரியில் 24 வருடமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கடந்த சில வருடங்களாக நிறுவனங்களின் ஆங்கில அறிக்கைகளையும் திருத்திக் கொடுக்கிறேன். இந்தப் பட்டியல் எனக்கு நன்றாகப் பழக்கம். இடது பக்கம் வெரி டயர்ட், வலது பக்கம் எக்ஸாஸ்டட். இடது பக்கம் வெரி ஹங்க்ரி, வலது பக்கம் ஸ்டார்விங். நடுவில் ஒரு சமக்குறி. பட்டியலில் உள்ள சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள்தான், கற்றுக்கொள்ள வேண்டியவைதான். தப்பு அந்தச் சமக்குறியில் இருக்கிறது.

தமிழிலேயே யோசித்துப் பாருங்கள். 'ரொம்பக் கறுப்பு' என்று சொல்கிறோம், 'கன்னங்கரேல்' என்றும் சொல்கிறோம். ஆனால் 'ரொம்பக் கன்னங்கரேல்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'மிகவும் தன்னந்தனியாக', 'மிகவும் புத்தம் புதிய' என்று எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இடறும். ஏனென்றால் அந்தச் சொற்களுக்குள்ளேயே மிகுதி இருக்கிறது. கறுப்பு என்பது ஒரு படிக்கட்டு, அதில் கொஞ்சம், ரொம்ப, ரொம்ப ரொம்ப என்று ஏறலாம். கன்னங்கரேல் என்பது மேல்படி. அங்கே நின்றுகொண்டு இன்னும் ஏறுவதற்கு இடமில்லை.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். கோல்ட், டயர்ட், ஹங்க்ரி, பிக், ஆங்க்ரி எல்லாம் படிக்கட்டுச் சொற்கள். ஃப்ரீசிங், எக்ஸாஸ்டட், ஸ்டார்விங், எனார்மஸ், ஃப்யூரியஸ் எல்லாம் மேல்படிச் சொற்கள். படிக்கட்டுச் சொல்லுக்கு முன்னால் வெரி வரும், எக்ஸ்ட்ரீம்லி வரும். மேல்படிச் சொல்லுக்கு முன்னால் அவை வராது. 'வெரி ஃப்ரீசிங்' என்பதும் 'எக்ஸ்ட்ரீம்லி ஃப்ரீசிங்' என்பதும் நம் 'ரொம்பக் கன்னங்கரேல்' மாதிரிதான். மேல்படியில் நிற்பவரைப் பார்த்து 'ஆமாம், நீ உண்மையிலேயே உச்சியில்தான் நிற்கிறாய்' என்று உறுதி சொல்லத்தான் முடியும். அதற்கு அப்சல்யூட்லி, கம்ப்ளீட்லி, அட்டர்லி என்று வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. அப்சல்யூட்லி ஃப்ரீசிங் சரி, அப்சல்யூட்லி கோல்ட் தப்பு. ரியலி என்ற சொல் மட்டும் இரண்டு பக்கமும் போகும்: ரியலி கோல்ட், ரியலி ஃப்ரீசிங் இரண்டும் இயல்பானவை. எது எந்தக் கூட்டம் என்று சட்டென்று ஞாபகம் வராத நேரத்தில் பேச்சில் ரியலி போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.

இதில் எக்ஸ்ட்ரீம்லி, அட்டர்லி இரண்டின் பிறப்பைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அட்டர் என்பது பழைய ஆங்கிலத்தில் 'இன்னும் வெளியே' என்று பொருள்பட்ட சொல். அவுட் என்ற சொல்லின் உறவு. எக்ஸ்ட்ரீம் லத்தீனிலிருந்து வந்தது, அதற்கு 'ஆகக் கடைசி வெளிவிளிம்பு' என்று பொருள். இரண்டும் விளிம்பைக் குறித்த சொற்கள்தான். ஆனால் இன்று எக்ஸ்ட்ரீம்லி படிக்கட்டில் மேலே ஏற உதவும் சொல்லாகிவிட்டது, அட்டர்லி 'முழுக்க, மிச்சமில்லாமல்' என்று சொல்லும் சொல்லாகிவிட்டது. பிறப்பு ஒன்றாக இருந்தும் பிழைப்பு வேறு வேறு. எக்ஸ்ட்ரீம்லி கோல்ட் என்று தாராளமாக எழுதலாம், அட்டர்லி கோல்ட் என்று எழுதினால் ஒட்டாது.

அட்டர்லிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பெரும்பாலும் கெட்ட செய்தியோடுதான் சேரும். அட்டர்லி யூஸ்லெஸ், அட்டர்லி எக்ஸாஸ்டட், அட்டர்லி ஹெல்ப்லெஸ், அட்டர்லி ரிடிகுலஸ். கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் தொகுத்துச் சொற்களின் கூட்டாளிகளைப் பார்க்கும் வேலை 1980களில் வேகமெடுத்தது. பில் லோ என்ற மொழியியலாளர் 1993இல் எழுதிய கட்டுரையில் இந்த அட்டர்லியைத்தான் முக்கிய எடுத்துக்காட்டாக எடுத்தார். ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருள் நடுநிலையாக இருந்தாலும், அது பழகும் கூட்டத்தால் ஒரு சாயம் ஏறிவிடுகிறது என்பது அவர் காட்டியது. நம் ஊரில் இது தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் அமுல் வெண்ணெய் விளம்பரத்தின் 'அட்டர்லி பட்டர்லி டெலிஷஸ்'. அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அட்டர்லி என்றால் தித்திப்பான சொல்லாகவே காதில் பதிந்திருக்கிறது. அந்த விளம்பரம் தப்பில்லை. டெலிஷஸ் மேல்படிச் சொல்தான், அட்டர்லி டிலைட்ஃபுல் போன்ற நல்ல சேர்க்கைகளும் புழக்கத்தில் உண்டு. ஆனால் அவை சிறுபான்மை. மேலதிகாரிக்கு எழுதும் பாராட்டுக் கடிதத்தில் 'யுவர் ஸ்பீச் வாஸ் அட்டர்லி' என்று தொடங்கினால், அடுத்த சொல் வருவதற்குள் அவர் மனம் ஒரு கணம் சுருங்கும். அந்த இடத்துக்கு அப்சல்யூட்லி போதும்.

சரி, மேல்படிச் சொல்லை எங்கே போடலாம் என்பதற்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி ஊட்டிப் பயணம் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதினாள். அதில் வெரி கோல்ட் நான்கு இடத்தில் இருந்தது. ஜனவரி மாத ஊட்டி வெரி கோல்ட். ஏரிப் பக்கம் வீசிய காற்று வெரி கோல்ட். விடுதியில் கொண்டுவந்து வைத்த காபி வெரி கோல்ட். அதைச் சொன்னபோது வரவேற்பு மேசைக்காரர் கொடுத்த பதில் வெரி கோல்ட். ஒரே சொல் நான்கு முறை வந்திருக்கிறது, மாற்று என்று சொல்லி அனுப்பினேன். அவளும் இதே மாதிரி ஒரு பட்டியலைப் பார்த்து நான்கையும் ஃப்ரீசிங் ஆக்கிக்கொண்டு வந்தாள். எப்படி மாற்ற வேண்டும் என்று நான் அன்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலாவது, ஊட்டியின் குளிர். அங்கே ஃப்ரீசிங் கச்சிதமாகப் பொருந்தும். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் அங்கே புல்வெளியில் உறைபனி படிவது உண்டு. சொல் உண்மைக்கும் பக்கத்தில் நிற்கிறது. இரண்டாவது, காற்று. ஃப்ரீசிங் விண்ட் என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் காற்றின் குளிர் தோலைக் குத்துகிற குளிர். அதற்கு ஆங்கிலத்தில் பைட்டிங் என்றும் பிட்டர் என்றும் சொற்கள் இருக்கின்றன. ஒன்று கடிக்கிறது, மற்றொன்று கசக்கிறது. நாம் 'ஊசிக் காற்று' என்கிறோம். அவள் பைட்டிங் என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

மூன்றாவது, காபி. இங்கே ஃப்ரீசிங் நகைப்புக்கிடமாகிவிடும். காபி உறைநிலைக்குப் போகவில்லை, சூடாக இருக்க வேண்டியது ஆறிப்போய்விட்டது, அவ்வளவுதான். 'ஆறி அவலாய்ப் போச்சு' என்று சொல்வோமே, அந்த நிலை. ஆங்கிலத்தில் இதற்கென்றே ஸ்டோன் கோல்ட் என்ற சேர்க்கை இருக்கிறது. இதுவே குளிர்ந்திருக்க வேண்டிய குடிதண்ணீராகவோ ஜூஸாகவோ இருந்து, நன்றாகக் குளிர்ந்திருந்தால் ஐஸ் கோல்ட் என்று பாராட்டாகச் சொல்லலாம். வெறும் வெரி கோல்ட் என்று எழுதினால் அது பாராட்டா புகாரா என்றே தெரியாது. ஸ்டோன் கோல்ட் என்றால் புகார், ஐஸ் கோல்ட் என்றால் பாராட்டு. இந்த இடத்தில்தான் பட்டியல் போட்டவர்கள் சொல்ல வந்த உண்மை தெரிகிறது. சரியான சொல் அளவை மட்டும் கூட்டுவதில்லை, வெரி தரமுடியாத ஒரு தகவலையும் சேர்த்துக் கொண்டுவருகிறது.

நான்காவது, வரவேற்பு மேசைக்காரரின் பதில். இது உடல் உணரும் குளிரே இல்லை, அன்பில்லாத தன்மை. ஃப்ரீசிங் இங்கே வராது. ஐஸி, ஃப்ராஸ்டி என்ற சொற்கள் மனிதர்களின் முகத்துக்கும் பேச்சுக்கும் வரும். ஒரே வெரி கோல்டுக்குள் நான்கு வெவ்வேறு குளிர்கள் ஒளிந்திருந்தன. அகராதியில் ஃப்ரீசிங் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் 'இங்கே குளிர்வது எது?' என்று கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஸ்டோன் கோல்ட், ஐஸ் கோல்ட் மாதிரி ஒட்டிப் பிறந்த சேர்க்கைகள் ஆங்கிலத்தில் நிறைய. பிட்ச் டார்க், வைட் அவேக், பிராண்ட் நியூ, சோக்கிங் வெட். நாம் நட்டநடு, பட்டப்பகல், கும்மிருட்டு, வெட்டவெளி என்று வைத்திருப்பதுபோல. பட்டப்பகலின் பட்டத்தை இரவுக்கு மாற்ற முடியாது, அதுபோல வைட் என்பதை டயர்டுக்கு முன்னால் போட முடியாது. ஃப்ரீசிங் கோல்ட் என்பதும் இந்த வரிசைதான். அங்கே ஃப்ரீசிங், கோல்டுக்கு அடைமொழியாக நின்று வெரி செய்யும் வேலையைச் செய்கிறது. இவற்றுக்கு விதி கிடையாது. கேட்டும் படித்தும்தான் பழக வேண்டும்.

இனி, வெரியைத் தொடவே கூடாத இடங்கள். பட்டியல்களில் இது வருவதே இல்லை, எனக்கு வருத்தம் அதில்தான். முதலில் மறுப்பு. 'இட் இஸ் நாட் வெரி கோல்ட்' என்றால் 'அவ்வளவு குளிர் இல்லை' என்று பொருள். இதை 'இட் இஸ் நாட் ஃப்ரீசிங்' என்று மாற்றினால் 'உறையும் அளவுக்கு இல்லை, ஆனால் குளிர் இருக்கிறது' என்று ஆகிவிடும். ஸ்வெட்டர் வேண்டாம் என்று சொல்ல நினைத்த வாக்கியம், எடுத்துக்கொண்டு வா என்று சொல்லத் தொடங்கிவிடும். அப்புறம், 'நாட் வெரி குட்' என்பது ஆங்கிலேயர்கள் 'மோசம்' என்பதை மென்மையாகச் சொல்லும் வழி. அந்த மென்மையை எந்த ஒற்றைச் சொல்லாலும் கொண்டுவர முடியாது.

அடுத்தது, வெரியும் எக்ஸ்ட்ரீம்லியும் அளவுகோலாகவே இருக்கும் இடங்கள். நமக்கு ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் பழக்கமான கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்ற மூன்றும், இந்திய வானிலைத் துறையின் ஹெவி, வெரி ஹெவி, எக்ஸ்ட்ரீம்லி ஹெவி என்ற மூன்று படிகள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் எவ்வளவு பெய்தாலும் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் கொட்டியதும் அந்தக் கடைசிப் படியில்தான் அடங்கும். இந்த அறிக்கையில் வெரி ஹெவி என்பதைப் பார்த்து 'பலவீனமான சொல்' என்று டொரென்ஷியல் என்று ஒருவர் மாற்றினால் நடை அழகாகலாம். ஆனால் 115க்கும் 204க்கும் நடுவே என்ற செய்தி அழிந்துவிடும். அணைக்கட்டில் மதகைத் திறப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தச் செய்திதான் வேண்டும். புயல்களும் அப்படியே. வெரி சிவியர் சைக்ளோனிக் ஸ்டார்ம் என்பது மணிக்கு 118 முதல் 165 கிலோமீட்டர் வரை காற்று வீசும் புயல், எக்ஸ்ட்ரீம்லி சிவியர் என்பது 166 முதல் 220 வரை. இங்கே வெரி என்பது எண்ணைப்போல உறுதியான சொல்.

ஃப்ரீசிங்குக்கும் வானிலையில் இப்படி ஒரு நேர்ப்பொருள் உண்டு. ஃப்ரீசிங் ரெயின் என்றால் ரொம்பக் குளிரான மழை இல்லை. துளி திரவமாக விழுந்து, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும் சாலையிலோ மின்கம்பியிலோ பட்டதும் பனிக்கட்டிப் படலமாக மாறும் மழை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த எச்சரிக்கை வந்த நாளில் காரை எடுக்க மாட்டார்கள்.

சரி, வெரி அவ்வளவு பலவீனமா என்று கேட்டால், அதன் வரலாறு கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்கு 'மெய்யான' என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் உண்மை என்று பொருள்படும் வ்ரே அதன் உடன்பிறப்பு. 'திஸ் வெரி டே' என்றால் 'இதே நாள், சாட்சாத் இந்த நாள்' என்று பொருள்படுவது அந்தப் பழைய பொருளின் மிச்சம்தான். 'மெய்யாலுமே குளிர்' என்று உறுதி சொல்ல வந்த சொல், சொல்லிச் சொல்லித் தேய்ந்து வெறும் 'ரொம்ப' ஆகிவிட்டது. அதற்கு முன்னால் பழைய ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்த ஸ்வீதே என்ற சொல் அடியோடு வழக்கொழிந்து போனது. பிறகு வந்த டெரிப்லி, ஆஃபுலி இரண்டும் அச்சத்திலிருந்து பிறந்தவை. இன்று 'டெரிப்லி சாரி' என்பதில் எந்த அச்சமும் இல்லை.

ஃப்ரீசிங்குக்கும் அதே விதிதான் நடந்துகொண்டிருக்கிறது. 22 டிகிரியில் ஓடும் ஏசி அறைக்குள் நுழைந்து 'இட்ஸ் ஃப்ரீசிங் இன் ஹியர்' என்று சொல்லாதவர் யார்? அதனால்தான் பேச்சில் வெறும் ஃப்ரீசிங் போதாமல் அப்சல்யூட்லி ஃப்ரீசிங் என்று சொல்கிறார்கள். வெரியை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் பலமான சொல்லைப் போட்டால், அந்தப் பலமான சொல் தேய்ந்து இன்னொரு வெரி ஆகிவிடும். ஒரு பக்கத்தில் ஃப்யூரியஸ், ஸ்டார்விங், ஃப்ரீசிங், எக்ஸாஸ்டட் நான்கும் வந்தால் படிப்பவருக்கு எல்லோரும் கத்திக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றும். என் மாணவர்களிடம் ஒரு பக்கத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று சொல்வேன். அது இலக்கண விதி இல்லை, என் பழக்கம்.

எது உறுதி, எது கருத்து வேறுபாடு என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வெரி ஃப்ரீசிங், வெரி ஸ்டார்விங் தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒப்பீட்டில் வெரி கோல்டர் தவறு, மச் கோல்டர் சரி என்பதும் உறுதி. வெரி டெலிஷஸ் தவறு என்று பல ஆசிரியர்கள் சிவப்பு மை போடுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவ்வப்போது சொல்கிறார்கள். நான் தேர்வுத்தாளில் அடிக்கோடு இடுவேன், மதிப்பெண் குறைக்கமாட்டேன். வெரி யுனீக் பற்றிய சண்டை நூறாண்டுக்கு மேல் பழையது. நீங்கள் அலுவலக மடலில் தவிர்த்துவிடுங்கள், படிப்பவர் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியாது. க்வைட் என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் க்வைட் கோல்ட் என்றால் 'ஓரளவு குளிர்', க்வைட் எக்ஸாஸ்டட் என்றால் 'முழுக்கக் களைத்து'. படிக்கட்டுச் சொல்லோடு சேர்ந்தால் அளவைக் குறைக்கிறது, மேல்படிச் சொல்லோடு சேர்ந்தால் முழுமையாக்குகிறது. அமெரிக்கர்கள் க்வைட் கோல்ட் என்றால் பெரும்பாலும் 'நல்ல குளிர்' என்றுதான் சொல்கிறார்கள். நான் சொல்வதெல்லாம் எழுத்து வழக்குக்குத்தான். சினிமா விமர்சனத்திலும் இளைஞர்களின் அரட்டையிலும் 'ஸோ ஃப்ரீசிங்' போன்றவை தாராளமாகப் புழங்குகின்றன, அவற்றை இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது.

இப்போது உங்கள் மெயில். அதற்கு முன்னால் ஒன்று கவனியுங்கள். தமிழில் 'ரொம்ப' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 'டீ ரொம்பச் சூடு' என்றால் நல்ல சூடாகவும் இருக்கலாம், குடிக்க முடியாத சூடாகவும் இருக்கலாம். சொல்லும் தொனியில் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல். வெரி ஹாட் என்றால் நல்ல சூடு, டூ ஹாட் என்றால் வேண்டிய அளவைத் தாண்டிய சூடு. 'டூ குட்' என்று நாம் பாராட்டுவது இந்தக் குழப்பத்தில் வந்ததுதான்.

உங்கள் அறை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. 3 டிகிரி இருந்தால் அது உங்களுக்கு வெரி கோல்டாகத் தோன்றலாம், விரல் மரத்துப் போகலாம், ஆனால் அறை சரியாக இருக்கிறது, மெயிலே வேண்டாம். 1 டிகிரி இருந்தால் அது டூ கோல்ட். வரம்பு தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் எதுவும் உறையவில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்க் குப்பிக்குள் பனிக்கட்டி தெரிந்தால்தான் 'ஹாஸ் ஃப்ரோசன்', உறைந்துவிட்டது. நீங்கள் அன்று பார்த்தது எது என்று உங்கள் கேள்வியில் இல்லை. இரண்டாவது நிலை என்று வைத்துக்கொண்டால், நான் எழுதியிருக்கக்கூடிய மெயிலின் சாரம் இது: காலை 7 மணிக்கு இரண்டாம் அறையின் வெப்பமானி 1.2 டிகிரி காட்டியது. அறை டூ கோல்ட். குப்பிகளில் பனிக்கட்டி எதுவும் தெரியவில்லை. சரக்கைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதில் வெரி இல்லை, எக்ஸ்ட்ரீம்லி இல்லை, ஃப்ரீசிங்கும் இல்லை. மேலாளர் போனை எடுப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மெயிலை அனுப்பிவிட்டு அறையிலிருந்து வெளியே வந்து கைகளைத் தேய்த்துக்கொண்டே சக ஊழியரிடம் 'மை ஹேண்ட்ஸ் ஆர் ஃப்ரீசிங்' என்று சொல்லுங்கள். அங்கே அந்தச் சொல் நூற்றுக்கு நூறு சரி.